ஆடாத மேசை, குழியாத தட்டு: பம்ப்செட் அலைன்மென்ட் மேசை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோவையில் மோட்டாரையும் பம்பையும் ஒரே அடித்தளத்தில் பொருத்தி, கப்ளிங் போட்டு அனுப்பும் சிறிய கூடம் ஒன்றிலிருந்து வந்த வேலை இது. மேசையில் வைத்து டயல் கேஜ் பிடித்து அலைன்மென்ட், அதாவது மோட்டார் தண்டும் பம்ப் தண்டும் ஒரே கோட்டில் இருப்பதைச் சரிபார்த்த பம்ப்செட், தரையில் இறக்கியதும் வேறு அளவு காட்டுகிறது என்பதுதான் அவர்களுடைய சிக்கல். "மேசை நல்லாத்தானுங்க இருக்குது, கொஞ்சம் ஆடும், அட்டை மடிச்சு வெச்சுருக்கோம்" என்றார் கூடத்தின் மேற்பார்வையாளர்.

பழைய மேசை 50க்கு 50 ஆங்கிளில் செய்த சட்டம். மேலே 8 மி.மீ. எம்.எஸ். தட்டு. தட்டின் நான்கு ஓரத்தையும் அடியிலிருந்து சட்டத்தோடு தொடர்ச்சியாக வெல்டிங் செய்திருந்தார்கள். ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்துப் பார்த்ததில் நடுவில் 3 மி.மீ.க்கு மேல் குழி. காரணம் எளிது. வெல்டிங் ஆறும்போது சுருங்கும், அப்போது தட்டின் ஓரங்களும் அதோடு சேர்ந்து குறுகும். நடுப்பகுதியின் நீளம் குறையாது. ஓரத்தைவிட நடு நீளமாகிவிட்டால் அந்த மிச்சத்துக்குப் போக இடம் இல்லை, மேலே எழும்பும் அல்லது கீழே வயிறு விழும். இந்த மேசையில் கீழே விழுந்திருந்தது.

பம்ப்செட்டின் அடித்தளம் சேனலில் செய்தது. அது பார்க்கத்தான் முரடு. குழிந்த தட்டின் மேல் வைத்து இறுக்கினால் அந்தக் குழிக்கேற்ப வளைந்து கொடுக்கும். வளைந்த நிலையில் அலைன்மென்ட் எடுத்துவிட்டு இறக்கினால் அது தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும், கப்ளிங் அளவும் மாறும். ஆக அவர்களுக்கு வேண்டியது 1800க்கு 900 மி.மீ. மேற்பரப்பு முழுவதிலும் 0.3 மி.மீ.க்குள் தட்டையாக இருக்கும் மேசை. 200 கிலோ வரையுள்ள பம்ப்செட்டைத் தாங்க வேண்டும், ஒருவர் சாய்ந்தால் அசையக் கூடாது.

இந்த வேலையில் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். வெல்டிங்கிடமிருந்து தட்டைத்தன்மையை எதிர்பார்ப்பதா, வேண்டாமா? நான் எதிர்பார்ப்பதில்லை. வெல்டிங் செய்த சட்டம் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒரு மி.மீ. முறுக்கிக்கொள்ளும். அதைக் கிரைண்டரால் சரிசெய்ய முயல்வது வீண். சட்டம் விறைப்பைத் தரட்டும், தட்டைத்தன்மையைத் திருகுகள் தரட்டும். அதனால் தட்டைச் சட்டத்தோடு எங்கும் வெல்டிங் செய்யாமல், சட்டத்துக்கு மேல் 15 மி.மீ. இடைவெளி விட்டுத் திருகுகளின் மேல் நிறுத்துவது என்று முடிவானது.

சட்டம்

60க்கு 60, 3 மி.மீ. கனமுள்ள ஸ்கொயர் டியூப். மீட்டருக்கு ஏறக்குறைய 5.2 கிலோ. மேல்சட்டம் 1700க்கு 800. தட்டு எல்லாப் பக்கமும் 50 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஜி கிளாம்ப் போட இடம் கிடைக்கும். நீளவாக்கில் இரண்டு டியூப்கள் முழு நீளத்துக்கு ஓடும். அவற்றுக்கு நடுவே இரு முனைகளிலும் ஒவ்வொன்று, இடையில் சம தூரத்தில் இரண்டு என நான்கு குறுக்கு டியூப்கள். மூலைகளில் 45 டிகிரி வெட்டு வைக்கவில்லை. பார்க்க அழகுதான், ஆனால் வெல்டிங் நீளம் கூடும், வெட்டில் சிறு பிழை வந்தாலும் இடுக்கு விழும். இடுக்கை உலோகத்தால் நிரப்பினால் அந்த மூலை கூடுதலாகச் சுருங்கி இழுக்கும். நேர்வெட்டில் முனையை உட்கார வைத்து, திறந்த வாயை மூடியால் அடைப்பதே எனக்குப் பிடித்த வழி. எல்லா வாயையும் மூடும் டியூபில் எங்காவது 3 மி.மீ. துளை ஒன்று விட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே சூடான காற்று கடைசியாக மூடும் இடத்தில் வெல்டிங்கைத் துளைத்துக்கொண்டு வெளியேறும்.

சட்டத்தைச் சேர்க்கத் தட்டையான இடம் வேண்டும். நம்பகமான மேசை இல்லாத கூடத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. தரையில் இரண்டு நீளமான சேனல்களை இணையாகப் போட்டு, அடியில் தகடு கொடுத்து ரசமட்டத்தால் இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவற்றின் மேல் டியூப்களைக் கிளாம்ப் செய்து ஒவ்வொரு மூட்டிலும் எதிரெதிர் மூலைகளில் சிறு புள்ளி வெல்டிங்காக டாக் அடித்தோம். அதன் பிறகு மூலைக்கு மூலை அளவு. 1700க்கு 800 சட்டத்துக்கு அது 1879 மி.மீ. வர வேண்டும். அந்த எண்ணைவிட இரண்டு மூலைவிட்டங்களும் ஒன்றுக்கொன்று சமமாக இருப்பதே முக்கியம். ஒரு மி.மீ.க்குள் வந்துவிட்டால் போதும்.

முழு வெல்டிங்கில் வரிசைதான் எல்லாம். ஒரு மூலையை முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போனால் சட்டம் ஒரு பக்கமாகச் சுருண்டுகொண்டே போகும். ஒரு மூட்டில் ஒரு முகம் மட்டும் போட்டுவிட்டு, எதிர்மூலைக்குத் தாண்டி அங்கே ஒரு முகம் என்று குதித்துக் குதித்துப் போட்டோம். முதலில் பக்கவாட்டு முகங்கள், பிறகு அடி, கடைசியில் மேல். சிஓ2 வெல்டிங்கில் 3 மி.மீ. சுவருக்கு 3 மி.மீ. கால் உள்ள வெல்டிங் போதும். பலம் வேண்டும் என்று தடிமனாக ஏற்றுவது இழுவையைத்தான் கூட்டும். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறும்வரை கிளாம்பை அவிழ்க்கக் கூடாது.

கால்களைச் சட்டத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு நிறுத்தினோம். காலின் நீளம் 715 மி.மீ. இங்கே ஒரு டிகிரி சாய்ந்தால் நுனியில் 12 மி.மீ. தள்ளிப்போகும். முதல் வெல்டிங் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் கால் சாயும் என்பதால், டாக் அடித்ததும் கால்களுக்கு இடையே தற்காலிகமாகப் பட்டை ஒன்றைக் குறுக்காகக் கட்டிவிட வேண்டும். நீளவாக்கில் ஒவ்வொரு காலின் தலையிலும் 100 மி.மீ. முக்கோணத் தகடு. அகலவாக்கில் தரையிலிருந்து 150 மி.மீ. உயரத்தில் இரண்டு குறுக்கு டியூப்கள், அவற்றை இணைத்து நடுவே நீளமாக ஒன்று. முன்பக்கம் கீழ் டியூப் வைக்கவில்லை, நின்று வேலை செய்பவருக்குக் கால் வைக்க இடம் வேண்டும்.

சட்டம் முடிந்ததும் முறுக்கு எவ்வளவு என்று பார்த்தோம். இதற்குக் கருவி தேவையில்லை, இரண்டு நூல் போதும். சட்டத்தின் மேல்முகத்தில் மூலைக்கு மூலை இரண்டு நூல்களை இறுக்கிக் கட்டினால், முறுக்கு இல்லாத சட்டத்தில் அவை நடுவில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் போகும். இடைவெளி தெரிந்தால் அதன் இரு மடங்கு அளவுக்கு ஒரு மூலை தூக்கியிருக்கிறது என்று கணக்கு. ஒரு நூல் இன்னொன்றைத் தள்ளிக்கொண்டு நின்றால் இடைவெளி தெரியாது. மேல்நூலைக் கீழாக மாற்றிக் கட்டி இன்னொரு முறை பார்க்க வேண்டும். எங்களுக்கு ஒரு மி.மீ. இடைவெளி வந்தது, அதாவது ஒரு மூலையில் 2 மி.மீ. இந்த முறைக்கு அது போதும் என்று அப்படியே விட்டோம்.

லெவலிங் பாதம்

ஒவ்வொரு காலின் அடியையும் 12 மி.மீ. தகட்டால் மூடி, அதில் 14 மி.மீ. துளையிட்டு எம்16 டேப் போட்டோம். தகட்டுக்குப் பதிலாக நட்டை வெல்டிங் செய்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் முலாம் பூசாத கறுப்பு நட்டாக எடுக்க வேண்டும், துத்தநாகப் புகை நெஞ்சுக்குக் கெடுதல். வெல்டிங்கின்போது பழைய போல்ட் ஒன்றை உள்ளே திருகி வைத்தால் மரை நெளியாது.

பாதத்தின் தண்டான எம்16 போல்ட்டின் மரை இடைவெளி 2 மி.மீ. அறுகோணத்தின் ஒரு முகம் அளவுக்குத் திருப்பினால் பாதம் 0.33 மி.மீ. நகரும். மேசைக்கு இந்த நுட்பம் போதுமானது. பலரும் கவனிக்காதது பாதம் எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்பது. மரையின் அடிவிட்டத்தை வைத்துக் கணக்கிட்டால், வளைவை எதிர்ப்பதில் எம்16 தண்டு இந்த டியூபில் 200இல் ஒரு பங்குகூட இல்லை. கால் எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் அடியில் 80 மி.மீ. தண்டு தெரிந்தால் மேசை பக்கவாட்டில் அசையும். தரை மோசமாக இருந்தால் பாதத்தை நீட்டுவதைவிடத் தரையிலேயே தகடு வைத்து உயர்த்துவது நல்லது. நாங்கள் நான்கு பாதங்களையும் 25 முதல் 35 மி.மீ.க்குள் வைத்தோம். மட்டம் பார்த்து முடிந்ததும் தண்டில் ஏற்றிய செக் நட்டைத் தகட்டோடு இறுக்கினால்தான் மரையிலுள்ள ஆட்டம் போகும்.

தட்டு

12 மி.மீ. தட்டு, எடை 153 கிலோ. ஏன் 12? தட்டு தன் எடையாலேயே தொங்கும். 900 மி.மீ. இடைவெளியில் தாங்கினால் நடுவில் ஏறக்குறைய 0.27 மி.மீ. இறங்கும், 600 மி.மீ. ஆனால் 0.05 மட்டுமே. 6 மி.மீ. தட்டு என்றால் இந்த அளவுகள் நான்கு மடங்கு. நாங்கள் 567 மி.மீ.க்கு ஒரு வரிசையாக நான்கு வரிசை, ஒவ்வொன்றிலும் மூன்று என 12 தாங்கும் இடங்கள் வைத்தோம்.

கடையில் தட்டு எடுக்கும்போது எப்படி வளைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சுருளிலிருந்து விரித்து வெட்டிய தட்டில் நீளவாக்கில் ஒரு சீரான வளைவு இருக்கும். அதனால் கெடுதல் இல்லை. ஒரே திசையில் நீண்ட, மெதுவான வளைவு சுலபமாகச் சரியாகும். ஓரம் அலையலையாக இருந்தாலோ, கேஸ் கட்டிங்கால் ஓரம் சூடுபட்டுச் சுருங்கியிருந்தாலோ அதை எந்தத் திருகும் சரிசெய்யாது. ஷியரில் வெட்டிய தட்டாகப் பார்த்து எடுத்தோம். நடுவில் நீளவாக்கில் இரண்டரை மி.மீ. வளைவு இருந்தது. முதுகு மேலே இருக்கும்படி வைத்தோம், எடையே அதைக் கீழே அமுக்கும் என்பதால்.

12 இடங்களிலும் டியூபின் உட்பக்கம் 8 மி.மீ. பட்டையில் ஒரு நாக்கு. அதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளைகள்: ஒன்றில் எம்12 மரை, மற்றது வெறும் 13 மி.மீ. துளை. மரையில் ஏறும் திருகு தட்டை மேலே தள்ளும். வெறும் துளை வழியாகப் போகும் எம்10 போல்ட், தட்டின் அடியில் 9 மி.மீ. ஆழத்துக்குப் போட்ட மரையில் ஏறி அதைக் கீழே இழுக்கும். மேற்பரப்பில் எதுவும் தெரியாது. துளை பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சன்னல் வெயிலில் தட்டு சட்டத்தைவிட 10 டிகிரி சூடானால் 1.8 மீட்டரில் 0.2 மி.மீ. நீளும். அதற்கு இடம் விடாவிட்டால் நடுவில் எழும்பும். நாக்குகளை மேல்சட்டம் கிளாம்பில் இருக்கும்போதே வெல்டிங் செய்துவிட்டோம். பிறகு ஒட்டினால் சட்டம் இன்னொரு முறை இழுபடும்.

அளப்பதும் திருகுவதும்

தட்டைச் சரிசெய்வதை எங்கள் பட்டறையில் செய்யவில்லை. மேசை நிற்கப்போகும் தரையில், அதே இடத்தில்தான் செய்ய வேண்டும். பாதம் ஒன்றை ஒரு மி.மீ. திருப்பினாலே சட்டம் முறுக்கும், அதோடு தட்டும் முறுக்கும். வேறிடத்தில் சரிசெய்து தூக்கிக்கொண்டு போனால் பாதி வேலை வீணாகும்.

முதலில் பாதங்கள். மூன்று பாதங்களை மட்டம் செய்துவிட்டு நான்காவதை இறக்கு என்பார்கள். அது செவ்வக மேசையில் அப்படியே நடக்காது. எடையின் மையம் மூலைவிட்டங்கள் வெட்டும் இடத்தில் இருப்பதால், ஒரு பாதத்தைத் தூக்கிவிட்டால் அதற்கு எதிர்மூலையில் உள்ள பாதத்திலும் எடை இருக்காது. மேசை மற்ற இரண்டின் மேல் தராசு போல நிற்கும். அதனால் தூக்கிய பாதத்துக்கு எதிர்மூலையில் 20 கிலோ எடை ஒன்றை வைத்து நிலைநிறுத்திவிட்டு, மூன்றையும் மட்டம் பார்த்தோம். அதன் பின் நான்காவது பாதத்தை இறக்கி, அந்த மூலையில் வைத்த மெஷின் லெவலின் குமிழி அசையத் தொடங்கும் இடத்தில் நிறுத்தினோம். எடையை எடுத்த பிறகு நான்கு பாதங்களையும் ஸ்பேனரால் கொஞ்சம் அசைத்துப் பார்த்தால் இறுக்கம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விரலாலேயே சுற்றினால் அது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறதே தவிர எடை தாங்கவில்லை.

மட்டம் வேறு, தட்டை வேறு. சாய்ந்த மேசைகூடத் துல்லியமாகத் தட்டையாக இருக்கலாம். இந்தப் பம்ப்செட் வேலைக்குத் தட்டைதான் முக்கியம், மட்டம் பாதங்களுக்கு எடை சமமாகப் பிரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

அளப்பதற்கு 1.8 மீட்டர் நீளமுள்ள, 50க்கு 10 கிரைண்டிங் செய்த பட்டை ஒன்று இருந்தது. அதை இரு முனைகளில் தாங்கினால் நெட்டுக்குத்தாக நிறுத்தியும் தன் எடையால் நடுவில் கால் மி.மீ. தொங்கும், நாம் தேடும் அளவு அதிலேயே போய்விடும். ஒவ்வொரு முனையிலிருந்தும் 400 மி.மீ. உள்ளே தள்ளித் தாங்கினால் தொய்வு ஏறக்குறைய இல்லாமல் போகிறது. தாங்குவதற்குப் பழைய ரோலர் பேரிங்கிலிருந்து எடுத்த உருளைகள், மைக்ரோமீட்டரில் ஒரே அளவு காட்டியவை. இரண்டு உருளை பட்டைக்கு அடியில், மூன்றாவதைப் பட்டை நெடுக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். மூன்றாவது உருளைக்கு மேல் ஃபில்லர் கேஜின் மெல்லிய தகடு எவ்வளவு கனம் நுழைகிறதோ அது குழி, உருளையே நுழையாவிட்டால் அங்கே மேடு. பட்டையை முன்பின்னாகத் திருப்பி வைத்தும் பார்த்தோம். பிழை பட்டையோடு நகர்ந்தால் குற்றம் பட்டையில், இடம் மாறாமல் நின்றால் தட்டில்.

தட்டை முதலில் மூன்று தள்ளு திருகுகளின் மேல் மட்டும் நிறுத்தினோம், அப்போதுதான் அது தன் இயல்பில் இருக்கும். மற்றவற்றைத் தட்டில் படும் வரை மட்டும் ஏற்றினோம். நீளவாக்கில் இருந்த இரண்டரை மி.மீ. வளைவு, எடையின் அழுத்தத்திலேயே பெரும்பாலும் போய்விட்டது. 12 மி.மீ. தட்டை இரு முனையில் மட்டும் தாங்கினால் 1.7 மீட்டரில் மூன்றரை மி.மீ. தொங்கும், அதனால் இதில் வியப்பில்லை. அகலவாக்கில் ஒரு முனையை ஒட்டி இருந்த 0.8 மி.மீ. மேடுதான் வேலை வாங்கியது. தட்டின் நீளத்தில் பாதிப் பகுதியை, 900 மி.மீ. இடைவெளியில் ஒரு மி.மீ. வளைக்க நடுவில் 170 கிலோ விசை வேண்டும். போல்ட்டுக்கு இது பெரிதல்ல, ஆனால் அந்த விசைக்குக் குறுக்கு டியூபும் 0.2 மி.மீ. மேலே வளையும். எனவே ஒரு திருகைச் சரியாக வைத்துவிட்டு நகர முடியாது. பக்கத்தில் உள்ளது மாறிவிடும், திரும்ப வந்து அதைத் தொட வேண்டும். மூலைகளில் முறுக்கைப் போக்கி, பிறகு ஓரங்கள், கடைசியில் நடு என்ற வரிசையில் போனால் சுற்றுகள் குறையும். தள்ளு திருகையும் இழு போல்ட்டையும் எதிரெதிராக இறுக்கிய பின் அளவை இன்னொரு முறை பார்க்க வேண்டும், இறுக்கும்போதே 0.1 மி.மீ. நகர்வது சாதாரணம்.

முடிவில் மேற்பரப்பு முழுவதிலும் 0.25 மி.மீ. அதைவிடக் குறைக்க முயலவில்லை. ஆலைத் தட்டின் முகமே அங்கங்கே 0.05, 0.1 மி.மீ. என்று ஏறி இறங்கும். அதற்குமேல் போக வேண்டுமானால் தட்டை மில்லிங் செய்ய வேண்டும், செலவு பல மடங்காகும். கறுப்புப் படலத்தை மட்டும் பிளாப் டிஸ்க்கால் மெல்ல எடுத்து எண்ணெய் தடவினோம். ஒரே இடத்தில் டிஸ்க்கை நிறுத்தி அழுத்தினால் குழி விழும், சூட்டில் தட்டும் எழும்பும்.

சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது ஒரு மூலை தாழ்ந்திருந்தது. லெவல் நகர்ந்திருந்தது, ஆனால் ஸ்ட்ரெயிட் எட்ஜ் அளவில் பெரிய மாற்றமில்லை. இப்படி இருந்தால் குறை தட்டில் அல்ல, பாதத்தில். அவர்கள் கையிருப்பிலிருந்து கொடுத்த பாதங்களின் அடியில் ரப்பர் ஒட்டியிருந்தது. பம்ப்செட்டின் எடை எப்போதும் ஒரே பக்கம் ஏறியதால் அங்கே ரப்பர் மெல்ல அமுங்கியிருக்கிறது. இரும்பு அடியுள்ள பாதமாக மாற்றி, இன்னொரு முறை மட்டம் பார்த்துச் செக் நட்டுகளை இறுக்கினோம். "வேலை செய்யறப்ப சறுக்காதுங்களா?" என்று கேட்டார் மேற்பார்வையாளர். மேசையே 220 கிலோ, அதன் மேல் பம்ப்செட். சிமென்ட் தரையில் அது தள்ளினாலும் நகராது. வேறு இடத்துக்கு மாற்றினால் மட்டும் பாதத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, இழு போல்ட்டுகளில் பெயின்ட் கோடு போட்டுவிட்டு வந்தோம். எது தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிவிடும்.